"உள்ளே வரலாமா?" என்று கேட்கும் அயலாருக்கு ஒரு சிறு காணொளி

அச்சிறுபாக்கம் மழை மலை மாதா திருத்தலத்திலும் கோவளம் கார்மேல் அன்னை கோவிலிலும் திருவிழா நாள்களில் நிற்போர் எல்லாரும் கத்தோலிக்கர் அல்லர். நேர்ச்சையோடு வரும் இந்துச் சகோதரிகள், சி.எஸ்.ஐ. உறவினர், மாமல்லபுரத்தைப் பார்க்க வந்து அப்படியே நுழையும் வெளிநாட்டவர் எனப் பலரும் உண்டு. அவர்கள் மனத்தில் உள்ள கேள்விகள் மிகச் சிறியவை. செருப்பை எங்கே விடுவது? எந்தப் பக்கம் உட்காருவது? எல்லாரும் எழும்போது நானும் எழ வேண்டுமா? இவற்றுக்கு விடையாக ஒன்றரை நிமிடக் காணொளி ஒன்றைப் பங்கிலேயே கைப்பேசியில் எடுத்துவிடலாம். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. அது நற்கருணை வரிசை.

நம் ஊரில் கோவிலில் தரும் பிரசாதத்தை யாருக்கும் மறுப்பதில்லை. மறுத்தால் அது அவமதிப்பு. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஒருவர் பிறரோடு சேர்ந்து வரிசையில் வந்து கை நீட்டுவது இயல்பே. குருவானவர் தயங்குகிறார், பின்னால் நிற்பவர் ஏதோ முணுமுணுக்கிறார், வந்தவர் முகம் சிவந்து திரும்புகிறார். அல்லது அறியாமல் வாங்கி, வீட்டாருக்குக் கொடுக்கலாம் என்று முந்தானையில் முடிந்துகொள்கிறார். இரண்டுமே வருத்தத்திற்குரியவை. இதற்காகச் சில இடங்களில் "கிறிஸ்தவர் அல்லாதோர் நற்கருணை வாங்கக் கூடாது" என்று எழுதி வைப்பதுண்டு. சொல்வது சரிதான், ஆனால் படிப்பவர் மனத்தில் "கூடாது" என்ற சொல் மட்டுமே தங்கும்.

காணொளியில் காரணத்தை முதலில் சொல்லுங்கள். நற்கருணை வாங்குபவர் "ஆமென்" என்கிறார். இது கிறிஸ்துவின் உடல் என்று நம்பி, இத்திருச்சபையோடு ஒன்றித்திருக்கிறேன் என்பதே அதன் பொருள். அந்த நம்பிக்கை இல்லாதவரை அப்படிச் சொல்ல வைப்பது நேர்மையாகாது. அடுத்து, நம் வீட்டுப் பிள்ளைகளையே காட்டலாம். புதுநன்மை வாங்காத சிறுவர் அம்மாவின் அருகில் அமர்ந்திருக்கிறார்கள். பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டிய நிலையில் உள்ள பெரியவர்களும் இருக்கையிலேயே இருப்பதுண்டு. அமர்ந்திருப்பது தள்ளிவைத்தல் அல்ல என்பது பார்ப்பவருக்கு அப்போதே புரிந்துவிடும்.

பேச வேண்டியதை இப்படி எழுதலாம்: "திருப்பலி முழுவதும் எங்களோடு இருங்கள். நற்கருணை வழங்கும்போது அமர்ந்து உங்கள் வேண்டுதலைச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளும் சிலர் அப்படித்தான் அமர்ந்திருப்பார்கள். திருப்பலி முடிந்ததும் ஃபாதரிடம் வாருங்கள். உங்கள் தலைமேல் கைவைத்து மந்திரிப்பார்." வரிசையிலேயே கைகளை மார்பில் குறுக்காக வைத்து ஆசி பெறும் வழக்கம் சில பங்குகளில் உண்டு. அது திருப்பலி நூலில் உள்ள முறையன்று. உங்கள் பங்கில் உண்டா என்று பங்குத்தந்தையிடம் கேட்ட பிறகே அதைச் சேர்க்க வேண்டும்.

படம் எடுப்பதைத் திருப்பலி நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். கோவில் ஓய்ந்திருக்கும்போது அன்பியத்தில் நான்கைந்து பேரை அழைத்து நடித்துக் காட்டச் சொன்னால் போதும். அழுது செபிக்கும் ஒருவரது முகம் அவர் அறியாமல் வாட்ஸ்அப்பில் சுற்றுவது நல்லதல்ல. பலரும் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பதால் பேசுவதைப் பெரிய எழுத்தில் கீழே போடுங்கள். பங்கின் எல்லையில் வடமாநிலத் தொழிலாளர் இருந்தால் இந்தியிலும் ஒரு படி செய்துவிடலாம்.

"எங்கும் அமரலாம்" என்ற வரியை எழுதுமுன் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நம் கோவிலில் அது உண்மையா? செல்வருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் கால்மணை அருகே இடமும் கொடுப்போரை யாக்கோபு தம் திருமுகத்தின் 2-ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். தமிழகத்தில் அந்தப் பிரிவினை சாதியாகவே வந்தது. 2008-ஆம் ஆண்டு மார்ச்சில் எறையூரில் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே மோதல் மூண்டு, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, தீண்டாமையைப் பெரும் பாவமாகவே கண்டது. எனவே ஒரு தெருவாருக்கென்று வழக்கமாகிப்போன இருக்கையோ, தனிக் கல்லறையோ எந்தப் பங்கிலாவது இருந்தால், அங்கே முதலில் மாற வேண்டியது அதுதான்; காணொளி பிறகு வரட்டும். வெளியூர்க்காரர் ஏமாறலாம், உள்ளூர்த் தெருவார் ஏமாறமாட்டார்கள்.

முடித்ததும் எல்லாருக்கும் அனுப்பிவிடாமல், கோவிலுக்குள் ஒருமுறையும் வராத அடுத்த வீட்டு அக்காவிடம் காட்டுங்கள். "நற்கருணை நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் அக்கா?" என்று கேளுங்கள். "எங்களுக்குக் கிடையாதாம்" என்றால் அந்தப் பகுதியைத் திரும்ப எடுக்க வேண்டும். "உட்கார்ந்து வேண்டிக்கொள்வேன், அப்புறம் சாமியாரிடம் மந்திரித்துக்கொள்வேன்" என்றால் அனுப்பலாம்.