பொங்கல் காலாண்டின் ஓ.டி. கணக்கு

கோவைப் பக்கத்து மோட்டார் பம்ப் பட்டறைகளில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான ஓ.டி. பட்ஜெட்டை டிசம்பரிலேயே கேட்பார்கள். பலரும் அக்டோபர்-டிசம்பர் தொகையை எடுத்து, பத்து சதவீதம் கூட்டி அனுப்பிவிடுவது வழக்கம். அந்த மூன்று மாதத்தில் தீபாவளி இருந்தது, வரப்போவதிலோ பொங்கல். ஒப்பிட வேண்டியது போன வருஷத்து இதே காலாண்டைத்தான்.

அதிலும் மொத்த மணி உதவாது. ஆர்டர் நெருக்கடிக்காக நின்ற மணி எவ்வளவு, ஆள் வராததால் இன்னொருவர் நின்ற மணி எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். ஓ.டி. சிலிப்பில் காரணம் எழுதும் பழக்கம் இருந்தால் அரைநாள் வேலை. இல்லையென்றால் வருகைப் பதிவேட்டோடு தேதிவாரியாக ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

அறுபது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். போன வருஷம் இதே காலாண்டில் ஓ.டி. 2,400 மணி. அதில் 960 ஆர்டருக்காக, 1,440 ஆள் குறைவுக்காக. லீவு 600 நாள். எட்டு மணி வீதம் 4,800 மணி. அதாவது வராதவர்களின் நேரத்தில் 30 சதவீதத்தைத்தான் மற்றவர்கள் ஈடுகட்டியிருக்கிறார்கள். எல்லா லீவுக்கும் மாற்று ஆள் போடுவதில்லை; பேக்கிங்கில் ஒருவர் குறைந்தால் சமாளித்துக்கொள்வார்கள், லேத்தில் முடியாது.

இந்த வருஷம் எழுதிக் கொடுத்த லீவு 350 நாள். சொல்லாமல் எடுப்பது, போன வருஷக் கணக்குப்படி, 330 நாள். இரண்டும் சேர்ந்து 5,440 மணி. அதில் 30 சதவீதம் 1,632. ஆர்டர் கணக்கின் 960-இல், இயந்திரம் பழுதானதை ஈடுகட்ட நின்ற 200 மணி மறுபடி வராது என்று கழித்தால் 760. ஆக மொத்தம் 2,392 மணி.

லீவுப் பட்டியலில் ஒரு சிக்கல் உண்டு. பொங்கலன்று பட்டறையே மூடியிருக்கும்; அந்த நாட்களைச் சேர்க்கக் கூடாது. ஊருக்குப் போனவர்கள் திரும்பாத அடுத்த வாரம்தான் ஆபத்து. மூன்று லேத் ஆபரேட்டர்களில் இருவர் ஒரே வாரம் லீவு கேட்டிருந்தால் 30 சதவீதம் செல்லாது. அந்த மணிகளை முழுதாகவே போட வேண்டும்.

பணமாக்கும்போதுதான் பெரிய ஓட்டை விழுகிறது. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்றது. பட்டறையின் சராசரி நாள் கூலி 600 ரூபாய் என்றால் ஓ.டி. மணிக்கு 150, தேவை 3,58,800 ரூபாய். ஆனால் ஓ.டி. நிற்பவர்கள் பெரும்பாலும் 800 ரூபாய் வாங்கும் ஆபரேட்டர்கள். அவர்களுக்கு மணிக்கு 200. தொகை 4,78,400 ஆகிறது. போன வருஷம் ஓ.டி. நின்றவர்களின் கூலிச் சராசரியைத்தான் எடுக்க வேண்டும்.

ஜனவரி முடிந்ததும் மணியையும் ரூபாயையும் தனித்தனியாகப் பாருங்கள். மணி சரியாக இருந்து தொகை கூடினால் கூலி விகிதம் தவறு. மணியே கூடியிருந்தால், சொல்லாமல் எடுத்த லீவை முதலில் எண்ணுங்கள். அது கணக்குக்குள் அடங்கியிருந்தால் ஆர்டர் பக்கம் திரும்ப வேண்டியதுதான்.