காதுக்கு எழுதும் தமிழ்

நெல் வயலில் தண்ணீரை மிச்சப்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. ஓரடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் ஓட்டை போட்டு, அந்த அரையடியை மண்ணில் இறக்கி, குழாய்க்குள் இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். வயல் மேலே காய்ந்து தெரிந்தாலும், உள்ளே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று குழாய் காட்டிவிடும்.

இதை மூன்று நிமிட வீடியோவாக எடுக்கிறோம். கையில் இருக்கும் துண்டுப்பிரசுரம் இப்படிச் சொல்கிறது: "நடவு செய்து இரண்டு வாரங்களுக்குப் பின், குழாயின் நீர்மட்டம் மண்மட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கியதும், 5 செ.மீ. உயரத்துக்கு நீர் பாய்ச்ச வேண்டும்."

படிப்பவருக்கு இதில் சிக்கல் இல்லை. கேட்பவருக்கோ, என்ன செய்வது என்பது கடைசிச் சொல்லில்தான் வருகிறது. தமிழில் வினை வாக்கியத்தின் முடிவில் நிற்கும். அது வருவதற்குள் 15 எது, 5 எது என்று குழம்பிவிடும். வரப்பில் நின்று செல்போனில் கேட்பவர் முந்தைய வரிக்குத் திரும்பிப் போக மாட்டார்.

அதே செய்தியைக் காதுக்கு இப்படி எழுதலாம்:

"நட்டு ரெண்டு வாரம் ஆச்சா? இனி தினமும் குழாய்க்குள்ள எட்டிப் பாருங்க. உள்ள தண்ணி நிக்குதா? மோட்டாரைப் போட வேண்டாம். அடி வரைக்கும் வத்திருச்சா? இப்பப் போடுங்க. வயல்ல ரெண்டு இன்ச் நின்னதும் நிறுத்திருங்க."

15 செ.மீ. என்ற எண் இதில் இல்லவே இல்லை. மண்ணுக்குள் இருக்கும் குழாயின் நீளமே அதுதான், அதனால் குழாயே அளவுகோலாகிவிட்டது. அதன் தோற்றத்தையும் நான் விவரிக்கவில்லை, அது படத்தில் தெரிகிறது. படம் காட்டாத ஒன்றை, எப்போது செய்வது என்பதை மட்டும் குரல் சொன்னால் போதும்.

கவனமாக எழுத வேண்டிய இடம் பூக்கும் பருவம். அப்போது வயல் காய்ந்தால் கதிரில் பதர் விழும். "பூக்கும் பருவத்தில் காயவிடுவதைத் தவிர்க்கவும்" என்று எழுதினால், 'காயவிடு' என்பதே காதில் தங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. செய்ய வேண்டியதை நேராகச் சொல்லுங்கள்: "பூக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, ஒரு வாரம் பின்னாடி, வயல்ல தண்ணி நிக்கட்டும். குழாயைப் பாக்க வேண்டாம். தண்ணி நிக்கட்டும்." எழுத்தில் அலுப்பூட்டும் இந்த இரட்டிப்பு, கேட்கும்போது தேவைப்படுகிறது.

ஒலிப்பதிவுக்கு முன் ஒரு விவசாயியிடம் ஒரே ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார். "பக்கத்து வயல்காரருக்கு எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். பூக்கும் பருவம் அவர் பதிலில் வரவில்லை என்றால், அந்தப் பகுதியைத் திருத்தி எழுதுங்கள்.