அறுநூறுக்குள் அடங்காத சிங்க்

கடையில் சிங்க்கை அங்குலத்தில் விற்கிறார்கள். மாடுலர் கிச்சன் போடுகிறவரோ பெட்டியின் அளவை மில்லிமீட்டரில் சொல்கிறார். இந்த இரண்டு கணக்கும் முதன்முதலாக நேருக்கு நேர் மோதுவது பல வீடுகளில் கிரானைட்டை அறுக்கும் நாளில்தான். அந்த மோதலைக் கணினித் திரையிலேயே நடத்திப் பார்த்துவிடலாம். சமையலறைக்கு முப்பரிமாண வரைபடம் போடுவதன் பெரிய பயன் அதுதான். கதவின் நிறம் எப்படி இருக்கும் என்று பார்ப்பதெல்லாம் பிறகு.

ஒரு சுவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். இருபுறமும் சுவர் உள்ள சமையலறை. நீளத்தைத் தரைமட்டத்திலும், மேடை உயரத்திலும், தோள் உயரத்திலும் அளக்க வேண்டும். பூச்சு ஒரே சீராக இருக்காது என்பதால் மூன்றும் ஒன்றாக வராது. மூன்றில் சிறியதைத்தான் வரைபடத்தில் போட வேண்டும். நம் சுவரில் அது 3195 மி.மீ.

பெட்டிகளின் அகலம் நம் இஷ்டத்துக்கு வருவதில்லை. 300, 400, 450, 600, 750, 900 என்று சில அளவுகள்தான் வழக்கத்தில் உள்ளன. டிராயர் ரயில், கம்பிக் கூடை, கதவு எல்லாம் அவற்றுக்கென்றே தயாராகின்றன. 600 என்பது அதில் தனி இடம் பெற்ற எண். பாத்திரம் கழுவும் மெஷின், அவன் போன்றவை அந்த இடைவெளிக்குள் நுழையும்படி செய்யப்படுகின்றன.

முதல் வரைவில் இடமிருந்து வலமாக இப்படி வைக்கலாம்: கேஸ் சிலிண்டருக்கு 450, ஹாப் அடுப்புக்குக் கீழே 900, டிராயர்களுக்கு 450, எண்ணெய் பாட்டில் கூடைக்கு 150, சிங்க்குக்கு 600, பாத்திரம் கழுவும் மெஷினுக்கு 600. மொத்தம் 3150. மிச்சம் 45. அதில் 18, வலது கோடியில் நிற்கும் ஒரு பலகைக்குப் போகும். மெஷினுக்குப் பெட்டி கிடையாது, அது வெற்று இடைவெளி. அந்தப் பக்கம் கிரானைட்டைத் தாங்க ஒரு கால் வேண்டுமே. பாக்கி 27 இடது சுவரோரம் ஒரு ஒட்டுப் பட்டையாகும். கோணலான சுவருக்கு ஏற்றபடி அதைச் சீவிப் பொருத்துவார்கள். ஒட்டுப் பட்டையே இல்லாமல் சுவருக்குச் சுவர் பெட்டியால் அடைத்த வரைபடத்தை யாராவது காட்டினால், அவர் சுவரை ஒரு முறைதான் அளந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே வரைகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்கெட்ச்அப்பில் 600 பெட்டி ஒன்றைச் செய்துவிட்டு, அதை நகலெடுத்து, `Scale` கருவியால் 450-க்குக் குறுக்கிவிடுகிறார்கள். பெட்டியோடு சேர்ந்து பக்கவாட்டுப் பலகையும் குறுகும், 18 மி.மீ. பிளைவுட் 13.5 ஆகிவிடும். திரையில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் படத்திலிருந்து வெட்டும் பட்டியல் எடுத்தால் எல்லாப் பலகையும் தப்பாக வரும். நகலுக்கு `Make Unique` கொடுத்து, பக்கப் பலகையைத் தொடாமல் அடிப்பலகையையும் குறுக்குப் பலகைகளையும் மட்டும் குறைப்பதே சரி. பெட்டியின் உள் அகலம் எப்போதும் வெளி அகலத்தில் 36 குறைவு. இந்தக் கணக்குதான் அடுத்த சிக்கலைக் காட்டிக்கொடுக்கிறது.

600 பெட்டியின் உள் அகலம் 564. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 24 அங்குல சிங்க்கின் வெளி அகலம் 610. விளிம்பைக் கழித்தால் தொட்டி மட்டும் சுமார் 560 வரும். ஒரு பக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர்தான் மிச்சம். சிங்க்கைப் பிடிக்கும் கிளிப்புக்கோ அதைத் திருகும் கைக்கோ இடமே இல்லை. கடைசியில் தச்சர் பக்கப் பலகையைக் குடைவார். குடைந்த இடத்தில் தண்ணீர் இறங்கும், பிளைவுட் உப்பும். சிறிய சிங்க் வாங்கலாம். இல்லையென்றால் எண்ணெய்க் கூடையைத் தியாகம் செய்து சிங்க் பெட்டியை 750 ஆக்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். குழாய், வடிகால், மெஷினின் ஹோஸ் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் குடியிருக்கப் போகின்றன. மொத்தம் அதே 3150.

இனி உயரம். பெட்டி வழக்கமாக 720. அதற்குக் கீழே பிளாஸ்டிக் கால்களும், அவற்றை மறைக்கும் ஸ்கர்ட்டிங் பலகையும். நிற்கிறவரின் கால்விரல் நுழைய அந்தப் பலகை சுமார் 50 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கும். ஸ்கர்ட்டிங் 100 என்றால் கிரானைட்டின் அடிப்பாகம் 820-இல் இருக்கும். தனியாக நிற்கும் பாத்திரம் கழுவும் மெஷினின் உயரமோ சுமார் 845. உள்ளே போகாது. பல மாடல்களில் மேல்மூடியைக் கழற்றினால் 820-க்குள் வரும், ஆனால் அதுவும் இறுக்கம். 150 வைத்தால் மூடியோடு நுழையும். அப்போது மேடை 890-க்கு ஏறும். உயரம் குறைவானவர் அதில் மாவு பிசைந்தால் தோள் வலிக்கும். முழங்கையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் தாழ்வாக மேடை இருப்பதே வசதி. நம் வரைபடத்தில் ஸ்கர்ட்டிங்கை 120 ஆக்கி, மூடி கழற்றக்கூடிய மெஷினைத் தேர்ந்துகொள்வோம். 20 மி.மீ. கிரானைட்டையும் சேர்த்தால் மேடை 860. இந்த 120-ஐத் தரையின் மிக மேடான இடத்திலிருந்து கணக்கிட வேண்டும். தண்ணீர் ஓட்டத்துக்காகத் தரை சரிந்திருந்தால் மற்ற இடங்களில் கால்களைத் திருகி உயர்த்திக்கொள்ளலாம்.

சிலிண்டர் பெட்டிக்கு மட்டும் விதி வேறு. அதற்கு அடிப்பலகை கூடாது. சிலிண்டர் தரையில் நிற்கட்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கித் தேங்கும். ஸ்கர்ட்டிங் பலகையால் அந்த இடத்தையும் மூடிவிட்டால், கசிந்த வாயு வெளியே வர வழியில்லாமல் மற்ற பெட்டிகளின் அடியில் பரவி நிற்கும். ஆகவே வரைபடத்திலேயே அந்த 450 அகலத்துக்கு ஸ்கர்ட்டிங்கை நிறுத்தி, கதவின் அடியில் காற்றுத் துளை காட்டிவிட வேண்டும்.

கடைசியாக கிரானைட்டில் போடும் துளைகள். ஹாப்பின் கண்ணாடி அளவும் அறுக்க வேண்டிய அளவும் வேறு வேறு. கண்ணாடி 750-க்கு 520 என்றால் துளை 680-க்கு 480 போல இருக்கலாம். மாடலுக்கு மாடல் மாறும். பெட்டியோடு வரும் தாளில் உள்ள எண்தான் செல்லும், விற்பவர் வாயால் சொல்வது அல்ல. மேடையின் ஆழம் 600. துளை 480 போனால் முன்னும் பின்னும் 60, 60 மிஞ்சும். சுவரில் டைல் பிறகு ஒட்டுவதாக இருந்தால் பின்பக்க 60-இல் டைலும் பசையும் பத்துப் பதினைந்தைத் தின்றுவிடும். அதற்காகத் துளையை முன்னால் இழுத்தால் முன்பட்டை மெலிந்து, கல்லைத் தூக்கும்போதே விரிசல் விடும். டைலின் தடிமனையும் வரைந்துவிட்டால் இது முன்கூட்டியே தெரியும். துளையின் மூலைகள் வளைவாக இருக்கட்டும். பிளேடு மூலையைத் தாண்டி ஓடிய கீறலில்தான் கல் பிளக்கத் தொடங்கும்.

ஹாப் துளையின் நடுவும் 900 பெட்டியின் நடுவும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் சுவரில் அது இடது சுவரிலிருந்து 927. சிங்க்கின் நடு 2202. இரண்டுக்கும் இடையே காய் நறுக்க 595 மி.மீ. வெற்றுக் கல் கிடைக்கிறது. அதற்குக் கீழே போனால் இந்த வரிசையையே மாற்றியிருப்பேன். ஆனால் இந்த எண்களைச் சுவரிலிருந்து அளக்கும்படி கல் அறுப்பவரிடம் கொடுக்காதீர்கள். ஒட்டுப் பட்டை தளத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறியிருக்கும். பெட்டிகளை நிறுத்தி மட்டம் பார்த்த பிறகு, அவற்றின் நடுவைக் கல்லில் குறிக்கச் சொல்லுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் சிங்க், ஹாப், மெஷின் மூன்றின் மாடலையும் முடிவு செய்து, அவற்றின் அளவுத் தாள்களை வரைகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவை இல்லாமலே வரைபடம் தயார் என்று ஒருவர் சொன்னால், அதை நம்பிப் பலகை வெட்ட விடாதீர்கள்.