வட்டியைக் குறைத்தார்கள், சந்தை ஏன் சரிந்தது?

2024 டிசம்பர் 18 அன்று அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் வட்டியை கால் சதவீதம் குறைத்தது. 4.25 முதல் 4.50 சதவீதம் வரை என்பது புதிய வரம்பு. வட்டி குறைந்தால் கடன் மலிவாகும், பங்கு விலை ஏறும் என்றுதான் நாம் நினைப்போம். அன்று டவ் ஜோன்ஸ் குறியீடு 1,123 புள்ளிகள் விழுந்தது. எஸ் அண்ட் பி 500 ஏறக்குறைய 3 சதவீதம் சரிந்தது.

அந்தக் குறைப்பு வரப்போகிறது என்பது சந்தைக்கு முன்பே தெரியும். சிகாகோவில் பெடரல் வட்டியை வைத்தே எதிர்கால ஒப்பந்தங்கள் வாங்கி விற்கப்படுகின்றன. 100லிருந்து, ஒரு மாதத்துக்கு எதிர்பார்க்கப்படும் சராசரி வட்டியைக் கழித்தால் கிடைப்பதே அந்த மாத ஒப்பந்தத்தின் விலை. கூட்டத்துக்கு முன் வங்கிகள் தங்களுக்குள் ஓரிரவுக் கடனுக்குக் கொடுத்த வட்டி சுமார் 4.58 சதவீதம். டிசம்பரில் குறைக்காவிட்டால் ஜனவரி ஒப்பந்தம் 95.42இல் நிற்க வேண்டும், குறைத்தால் 95.67. உதாரணத்துக்கு, விலை 95.66 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையிலுள்ள 25 படிகளில் 24ஐ அது ஏறிவிட்டது. குறைப்புக்கான வாய்ப்பு 96 சதவீதம் என்று சந்தை சொல்வதாக இதைப் படிக்கலாம். பங்குகளை வாங்கியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வாங்கியிருந்தார்கள். ஆகவே குறைப்பு அறிவிப்பில் அவர்களுக்குப் புதிதாக எதுவும் இல்லை.

புதிதாக இருந்தது அதனுடன் வெளியான இன்னொரு தாளில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வருங்காலத்தில் வட்டி எங்கே இருக்க வேண்டும் என்று பெடரல் அதிகாரிகள் ஒவ்வொருவரும் தம் கணிப்பை ஒரு புள்ளியாகக் குறிக்கிறார்கள். செப்டம்பரில் அந்தப் புள்ளிகளின் நடுமதிப்பு, 2025இல் நான்கு கால் சதவீதக் குறைப்புகளைக் காட்டியது. டிசம்பரில் அது இரண்டாகச் சுருங்கியது. அதாவது, 2025 முடிவில் வட்டி முன்பு சொன்னதைவிட அரை சதவீதம் கூடுதலாக இருக்கும். அன்றைய கால் சதவீதத்தைவிட இது பெரிய செய்தி. பத்தாண்டு அரசுக் கடன் பத்திரத்தின் வருவாய் விகிதம் 4.5 சதவீதத்தை எட்டியதும் இதனால்தான்.

வட்டி முடிவு வரும் நாளில் நான் முதலில் பார்ப்பது பங்குக் குறியீட்டை அல்ல, இரண்டாண்டுக் கடன் பத்திரத்தை. அடுத்த சில கூட்டங்களைப் பற்றிய எதிர்பார்ப்பு மாறினால் அது உடனே அங்கே தெரியும். வட்டியைக் குறைத்த பிறகும் அந்தப் பத்திரத்தின் வருவாய் ஏறினால், எதிர்பார்த்ததைவிடக் கடுமையான சேதி வந்திருக்கிறது என்று பொருள்.

இந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. எதிர்கால ஒப்பந்தத்தின் விலையில் எதிர்பார்ப்போடு, நஷ்டத்துக்கு அஞ்சிக் கொடுக்கும் பாதுகாப்புத் தொகையும் கலந்திருக்கும். மாதம் தள்ளிப்போகப் போக அதன் பங்கு கூடும். அதிகாரிகளின் புள்ளிகளும் வாக்குறுதி அல்ல. இரண்டு குறைப்பு என்று குறித்த அதே 2025இல் பெடரல் ரிசர்வ் மூன்று முறை வட்டியைக் குறைத்தது.