தெளிந்த தண்ணீரில் தெரியாத ஈயம்

வாட்டர் ஃபில்டர் விற்க வீட்டுக்கு வருபவர், முதல் வேலையாக ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை விட்டுக் காட்டுவார். 300 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தம் ஏறக்குறைய 300 மில்லிகிராம் என்பது அதற்குப் பொருள். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நான் சொல்வது ரசச் சொம்பின் வெள்ளீயத்தை அல்ல, நஞ்சான காரீயத்தை. அந்த வரம்பைப்போல் முப்பது மடங்கு ஈயம் தண்ணீரில் இருந்தாலும் மொத்தம் 0.3 மில்லிகிராம்தான். மீட்டரில் ஓர் எண்கூட ஏறாது. இதே 0.3 மில்லிகிராம் இரும்பு இருந்தால் வெள்ளைத் துணியில் கறை படியும், வாயில் துரு வாடை தட்டும். ஈயம் கண்ணுக்கும் அகப்படாது, நாக்குக்கும் அகப்படாது.

அகப்படாததால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் அனுபவித்தது. ஈயக் குழாய் என்றதும் பலரும் சொல்வது ஃபிளின்ட் நகரின் கதையைத்தான். ஆனால் ஃபிளின்டில் பல வீடுகளில் தண்ணீர் பழுப்பாக வந்தது. அதனால் மக்கள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கூட்டங்களுக்கே போனார்கள். வாஷிங்டனில் அந்த எச்சரிக்கையும் கிடைக்கவில்லை.

வாஷிங்டனின் பழைய வீடுகள் பலவற்றில், தெருவில் ஓடும் பெரிய குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்புக் குழாய் ஈயத்தால் ஆனது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அப்படி இருந்தன. ஆனாலும் பல ஆண்டுகளாகப் பெரிய தொல்லை இல்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் கலந்த குளோரின், குழாயின் உட்சுவரில் இருந்த ஈயத்தை ஈய டைஆக்சைடு என்ற பழுப்புப் படிவமாக மாற்றியிருந்தது. அது தண்ணீரில் கரைவதே அரிது. குழாயே தனக்கு ஒரு மேல்பூச்சு பூசிக்கொண்டது போலத்தான். ஆனால் அந்தப் பூச்சு நிலைக்க வேண்டுமானால் தண்ணீரில் குளோரின் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

2000 நவம்பரில் குளோரினுக்குப் பதிலாக குளோரமின் கலக்கத் தொடங்கினார்கள். காரணம் நியாயமானது. தண்ணீரில் இருக்கும் கரிமப் பொருள்களோடு குளோரின் சேர்ந்தால் புற்றுநோய் அபாயமுள்ள சில வேதிப்பொருள்கள் உருவாகின்றன. அவற்றுக்கு அரசு கடுமையான வரம்பு விதித்திருந்தது. குளோரமின் அவற்றைக் குறைவாகவே உண்டாக்கும். ஆனால் அதற்கு ஆக்சிஜனேற்றும் வலிமையும் குறைவு. படிவத்தைக் காத்து நின்ற வலிமை போனதும் ஈய டைஆக்சைடு சிதைந்து, கரையக்கூடிய ஈயமாக மாறித் தண்ணீரில் இறங்கியது. ஒரு கேட்டைத் தவிர்க்கப் போய் இன்னொன்றை வரவழைத்தார்கள். தண்ணீரின் நிறமோ சுவையோ எந்தக் குறிப்பும் கொடுக்கவில்லை.

2003-ல் ஆயிரக்கணக்கான வீடுகளில் சோதனை நடந்தது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு வீடுகளில் ஈயம், அன்றைய அமெரிக்க நடவடிக்கை அளவான லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் 300-ஐயும் தாண்டியது. ஒரு மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 2004 ஜனவரி இறுதியில் வாஷிங்டன் போஸ்ட் எழுதிய பிறகுதான் நகர மக்களில் பெரும்பாலோருக்கு விஷயமே தெரியும்.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பொறியாளர் மார்க் எட்வர்ட்ஸ் வாஷிங்டன் வீடுகளுக்கு ஆய்வுக்கு வந்தது, தாமிரக் குழாய்களில் ஊசித்துளை விழுவது ஏன் என்று பார்க்கத்தான். அவர் கவனித்த ஒன்று வழக்கமான அறிவுரையையே கவிழ்த்தது. காலையில் குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டுவிட்டுப் பிடியுங்கள், முதல் தண்ணீரில்தான் ஈயம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பல வீடுகளில் முதல் தண்ணீரைவிட, அரை நிமிடம் கழித்து வந்த தண்ணீரில் ஈயம் அதிகம் இருந்தது.

ஏன் என்று ஒரு மாதிரி வீட்டை வைத்துக் கணக்கிடலாம். சமையலறைக் குழாயிலிருந்து வீட்டுச் சுவர்வரை 12 மீட்டர் தாமிரக் குழாய். உள்விட்டம் 13 மில்லிமீட்டர் என்றால் அதற்குள் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் நிற்கும். சுவரிலிருந்து தெருவரை 10 மீட்டர் ஈயக் குழாய். உள்விட்டம் 19 மில்லிமீட்டர், கொள்ளளவு சுமார் 2.8 லிட்டர். இரவு முழுக்க இரண்டு குழாய்களிலும் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. காலையில் திறக்கும்போது நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடுகிறது என்றால் முதல் 20 விநாடி வருவது தாமிரக் குழாய்த் தண்ணீர். அடுத்து, ஏறக்குறைய 50-வது விநாடி தாண்டும்வரை வருவது இரவெல்லாம் ஈயத்தில் ஊறிய தண்ணீர். அரை நிமிடம் பொறுமையாகக் காத்திருந்து குழந்தைக்குப் பால் கரைக்கப் பாட்டிலை நீட்டுகிறவர், சரியாக அதைத்தான் பிடிக்கிறார். சட்டப்படி சோதனைக்கு எடுக்கப்பட்டதோ முதல் லிட்டர். ஆய்வகச் சீட்டில் 'வரம்புக்குள்' என்று வந்தாலும் அது வேறொரு தண்ணீரைப் பற்றிய உண்மை.

கைக்குழந்தைகள்தான் இதில் முதலில் பாதிக்கப்படுகிறவர்கள். பெரியவர் உடல் விழுங்கிய ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உறிஞ்சினால், சிறு குழந்தையின் உடல் பாதிவரைகூட உறிஞ்சும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு உணவே பெரும்பாலும் குழாய்த் தண்ணீர்தான். எட்வர்ட்ஸும் சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய ஒன்றேகால் வயதுக்குட்பட்ட வாஷிங்டன் குழந்தைகளில் ரத்தத்தில் ஈயம் மிகுந்தவர்களின் விகிதம், 2000-ஐ ஒப்பிட 2001 முதல் 2003 வரை நான்கு மடங்குக்கு மேல் கூடியதாகக் கண்டார்கள். அதற்கு முன்பே 2004-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிக்கை, பாதிப்பு சிறிது என்ற எண்ணம் தோன்றும்படி எழுதப்பட்டிருந்தது. ஆபத்தைவிட அந்த ஆறுதல்தான் அதிகக் கெடுதல் செய்தது என்பேன்.

2004 ஆகஸ்டில் தண்ணீரில் ஆர்த்தோபாஸ்பேட் சேர்க்கத் தொடங்கினார்கள். அது ஈயத்தோடு சேர்ந்து கரையாத புதிய படிவத்தை உண்டாக்கியது, அளவும் படிப்படியாக இறங்கியது. குழாயை மாற்றும் வேலையில் மட்டும் பிழை நேர்ந்தது. தெருப்பக்கத்துத் துண்டை மட்டும் தாமிரமாக்கி, வீட்டுப்பக்க ஈயத்தை அப்படியே விட்டார்கள். வெட்டும்போது படிவம் உதிர்ந்தது. ஈயமும் தாமிரமும் தொடும் இடத்தில் மின்கலம் போன்ற வினை நடந்து ஈயம் இன்னும் வேகமாக அரித்தது. பாதி வேலை, முழு வேலையைச் செய்யாததைவிட மோசமாகிப் போனது.

நம்மூர் வீடுகளில் ஈயக் குழாய் அரிது. ஆனால் ஈயம் வர வேறு வழிகள் உண்டு. கடைசல் எளிதாக இருக்கப் பித்தளைக் குழாய்களில் ஈயம் சேர்ப்பார்கள். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சில் ஈயம் கலப்பாக இருக்கும். பிவிசி பைப்புகளில் ஈயச் சேர்மங்களை நிலைப்படுத்தியாகப் பயன்படுத்தி வந்தார்கள். அதைக் கட்டுப்படுத்தும் விதிகளை இந்திய அரசு 2021-ல்தான் அறிவித்தது. அதற்கு முன் போட்ட பைப்புகள் இன்னும் சுவருக்குள் இருக்கின்றன.

காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய ஈயத்தின் அடர்வு கூடவே செய்யும். நல்ல நிலையில் இருக்கும் ஆர்.ஓ. ஈயத்தில் பெரும்பகுதியை வடிக்கும், வெறும் துணி வடிகட்டி வடிக்காது. சந்தேகம் இருந்தால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள். 'குடிநீர்ச் சோதனை' என்று பொதுவாகச் சொன்னால் பல இடங்களில் கிருமியும் உப்பும் மட்டும் பார்ப்பார்கள், அதனால் ஈயம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இரவு முழுக்கத் திறக்காத சமையலறைக் குழாயில் காலையில் முதல் லிட்டரைத் தனிப் பாட்டிலில் பிடியுங்கள். அரை நிமிடம் ஓடியபின் இன்னொரு பாட்டில், இரண்டு மூன்று நிமிடம் கழித்து மூன்றாவது. மூன்றிலும் நேரத்தை எழுதி ஒட்டுங்கள். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் எதில் வந்தாலும், அந்தக் குழாயில் குழந்தைக்குப் பால் கரைக்காதீர்கள்.