நிற்கும் வண்டிகளையும் எண்ணுவோம்

வேளச்சேரி – தாம்பரம் சாலையில் ராஜகீழ்ப்பாக்கத்துக் கடைகளின் முன் வண்டி நிறுத்த இடமில்லை என்ற புகாருக்கு, போக்குவரத்துக் கணக்கெடுப்பு மட்டும் விடை தராது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணி, தொடர்ச்சியான நான்கு எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை எப்போது மிக அதிகமோ, அதை உச்ச நேரம் என்பர். அது ஓடும் வண்டிகளின் கணக்கு. நிற்பவற்றை அறிய, அரைமணிக்கொருமுறை தெருவில் நடந்து பதிவெண்களைக் குறிக்க வேண்டும். காலை 10 முதல் இரவு 8 வரை 20 சுற்றிலும் ஒரே எண் தென்பட்டால், 20 வாடிக்கையாளர்கள் அரைமணி வீதம் பயன்படுத்தியிருக்கக்கூடிய இடத்தை ஒருவரே அடைத்திருக்கிறார். (சுற்றுகளுக்கிடையே வந்து போனவை இக்கணக்கில் தப்பிவிடும்.) அப்படி நிற்பவற்றுள் பல, கடைக்காரர்களின் வண்டிகளாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. அவற்றுக்குப் பின்தெருவில் இடம் ஒதுக்கி, கடைமுன்னே நேரம் கூடக்கூட ஏறும் கட்டணம் விதிக்கலாம். அடுக்குமாடி வாகன நிறுத்தம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.