உங்களுக்குத் தெரியுமா? 630 போதாமல் போகும் கணக்கு

முகத்துவாரத்தில் ஒரு கடைத்தொகுதி எழுவதாக வைத்துக்கொள்வோம். மாடிகளின் உச்சச் சுமைகளைக் கூட்டினால் 600 கேவிஏ. ஆனால் அலுவலக ஏசி உச்சத்தில் ஓடும் நண்பகலில் இரவுச் சாப்பாட்டுக் கடையின் அடுப்பறை ஓய்ந்திருக்கும். எல்லா உச்சமும் ஒரே நேரத்தில் வராததால் பல்வகைமைக் காரணி 1.25ஆல் வகுக்கிறோம்: 480. வளர்ச்சிக்கு 20 சதவீதம் சேர்த்தால் 576. 630 கேவிஏ மின்மாற்றி தாராளம் போலத் தெரியும்.

ஆனால் எல்ஈடி விளக்கும் கணினியும் இன்வேர்ட்டர் ஏசியும் 50 ஹேர்ட்ஸின் மடங்குகளிலும் மின்னோட்டம் இழுக்கின்றன. சுருளில் சுழல் மின்னோட்ட இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்தில் ஏறும். ஐந்தாம் ஹார்மோனிக்கின் ஓர் ஆம்பியருக்கு அது 25 மடங்கு. அம்மீட்டர் அளவுக்குள் காட்டினாலும் மின்மாற்றி சுடுவது இதனால்தான். இங்கே 90 சதவீதம் மட்டுமே ஏற்றலாம் என்று கணக்கு வந்தால், 576 ÷ 0.9 = 640. வெறும் பத்து கேவிஏதான் இடிக்கிறது, ஆனாலும் 800தான் வாங்கவேண்டும்.